தொட்டிக்குள் நடந்த சண்டை

அவளைக் 'கொதிதண்ணி' என்று முதலில் அழைத்தது யாரென்று தெரியாது. ஆனால் அந்தப் பகுதியில் குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வைத்திருந்த வீடுகளில் பாதிப் பேர் அவளுடைய கைபேசி எண்ணை அந்தப் பெயரில்தான் சேமித்திருந்தார்கள். நேரில் 'அக்கா' என்பார்கள், 'மேடம்' என்பார்கள். அவள் வண்டியைக் கிளப்பிய பிறகு, "அப்பாடா, கொதிதண்ணி போயாச்சு" என்று பெருமூச்சு விடுவார்கள்.

அவளுக்கும் அது தெரியும். அதற்காக வருத்தப்பட்டதில்லை. சமையல்மேடைக்கு மேலே மாட்டியிருக்கும் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி, உள்ளே பாசி படிந்திருப்பதைப் பார்த்ததும் வாய் தானாகக் கொதிக்கத் தொடங்கிவிடும்.

"லைட் எரிஞ்சா தண்ணி சுத்தம்னு அர்த்தமா? வெளிய மட்டும் துணி போட்டுப் பளபளன்னு தொடச்சு வச்சிருக்கீங்க. உள்ள என்ன இருக்குன்னு ஒரு நாளாவது பாத்தீங்களா?"

வாய் திட்டிக்கொண்டே இருக்க, கை வேலையைச் செய்துகொண்டே இருக்கும். கிளம்பும்போது எந்தக் குழாய் மூட்டிலும் ஒரு சொட்டு ஒழுகாது. மாற்றத் தேவையில்லாத பாகத்தை மாற்ற மாட்டாள். அதனால் திட்டு வாங்கியவர்களே அடுத்த முறையும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

முன்பு அவள் ஒரு கடையில் சர்வீஸ் வேலை பார்த்தாள். ஒரு நாள் ஒரு வீட்டில் புது ஃபில்டரின் பிளாஸ்டிக் உறையைக் கிழித்தபோது உள்ளே ஈரமாக இருந்தது. புதிதாக வந்த பொருள் எப்படி ஈரமாக இருக்கும்? முகர்ந்து பார்த்தாள். அமில வாடை அடித்தது. கழற்றி வந்த பழைய ஃபில்டர்களை ஊறவைத்து வெளுத்து, உறை மாட்டித் திரும்பவும் அவள் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அப்படியே வண்டியைத் திருப்பினாள். கடை நிறைய ஆட்கள் இருந்த நேரம். ஃபில்டரை முதலாளியின் மேசையில் வைத்தாள்.

"இதுல வடிகட்டின தண்ணியில ஒரு டம்ளர் நீங்க குடிங்க. ஒரு டம்ளர் உங்க புள்ளைக்குக் குடுங்க. நான் பாக்கணும்."

முதலாளி குடிக்கவில்லை. அவள் சேலைக்கு மேல் போட்டிருந்த சீருடைச் சட்டையைக் கழற்றி, சேலை முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். அதோடு அந்த வேலை முடிந்தது.

அவளுடைய தம்பி இதற்கு நேர் எதிரான பிறவி. யாரையும் குளிர வைத்துவிடுவான். 'ஐஸ்' என்றுதான் சின்ன வயதிலிருந்தே அவனைக் கூப்பிடுவார்கள். அவன் ஒரு ஒப்பந்தக்காரரிடம் தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அக்கா வேலையை விட்டுவிட்டு வந்த வாரம், அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே யோசனையைச் சொன்னான்.

"அக்கா, வீட்டுல தண்ணி சரியில்லன்னா என்ன நடக்குது? ஃபில்டர்காரனைக் கூப்பிட்டா, டேங்க்ல அழுக்குங்கறான். டேங்க் கழுவுறவனைக் கூப்பிட்டா, மெஷின்ல கோளாறுங்கறான். நடுவுல வீட்டுக்காரங்க முழிக்கிறாங்க. ரெண்டையும் நாமளே செஞ்சா? மேல நான் பாத்துக்கறேன், கீழ நீ பாத்துக்கோ. டேங்க்லேர்ந்து டம்ளர் வரைக்கும் நம்ம பொறுப்பு."

"யாரையும் கை காட்ட முடியாதேடா" என்றாள் அவள்.

"அதான் அக்கா விஷயமே."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்திருந்தது. இருவரும் சேர்ந்து இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன அறையைப் பிடித்தார்கள். தம்பி மனைவி தொலைபேசியைக் கவனித்துக்கொண்டாள். தனி வீடுகளில் தொடங்கினார்கள். ஒரே நடையில் தொட்டியையும் கழுவி, இயந்திரத்தையும் சரிபார்த்துக் கொடுப்பது என்பதே பலருக்குப் புதிதாக இருந்தது. தொட்டி மூடி உடைந்திருந்தால் மாற்றுவார்கள். நீர் வழிந்தோடும் குழாயின் வாயில் பல்லியோ புறாவோ நுழையாமல் வலை கட்டுவார்கள். மறுபடி கழுவ வேண்டிய காலம் வந்ததும் தம்பி மனைவியே நினைவூட்டிப் பேசுவாள். அடுக்குமாடிகளில் தண்ணீரே இல்லாமல் போகாதபடி ஒரு கட்டடம் விட்டு ஒரு கட்டடமாகக் கழுவினார்கள். முதல் நாளே சொல்லி வாளிகளில் பிடித்து வைக்கச் செய்தார்கள். பெயர் வந்தது. வேலையும் மளமளவென்று வந்தது.

அப்படி வந்ததுதான் அந்தப் பெரிய குடியிருப்பு. வரிசையாகக் கட்டடங்கள், ஒவ்வொன்றின் மொட்டைமாடியிலும் சிமெண்ட் தொட்டி, கீழே எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு நிலத்தடித் தொட்டி. குடியிருப்புச் சங்கச் செயலாளர் முழங்கால் வலிக்காரர். பேச்சு மட்டும் ஓடும். "ஒரு முழு நாள் தண்ணியை நிறுத்த முடியாதும்மா" என்று அவர் சொன்னபோது, "அப்ப அழுக்கையே குடிங்க" என்று அவள் எழுந்து வந்துவிட்டாள். ஐஸ் பின்னாலேயே போய் அவரைக் குளிர வைத்து வேலையை வாங்கி வந்தான். தொட்டி வேலை அவனுடையது; அவள் தலையிடவில்லை. முடிந்ததும் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. சுவரெல்லாம் பால் போல் வெளுத்திருந்தது. எல்லாரும் நன்றி சொல்லிக் கைகூப்பும் படம் போட்டார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. தம்பியிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது.

பிறகு ஒரு நாள் அந்தக் குடியிருப்பிலிருந்து தையற்காரம்மா கூப்பிட்டார். வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்துத் தைப்பவர். மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

"அக்கா, மெஷின்ல தண்ணி நூல் மாதிரி வருது. போன தடவை நீங்க வந்து எல்லாம் புதுசாத்தானே போட்டீங்க?"

அவள் போய்க் கழற்றினாள். நீர் முதலில் நுழையும் வெள்ளை ஃபில்டர், மண்ணையும் தூசியையும் பிடித்து நிறுத்துவது, காபிப்பொடி நிறத்தில் இருந்தது. விரலால் தொட்டாள். வெறும் மண் இல்லை; வழவழவென்று கூழாக ஒட்டியது. அண்மையில்தான் மாற்றியது. இப்படி ஆக வாய்ப்பே இல்லை.

பழைய காயம் உடனே திறந்துகொண்டது. யாரோ மறுபடி போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினாள். ஃபில்டர் வாங்கும் மொத்தக் கடைக்குப் போய், படியேறும்போதே கத்த ஆரம்பித்தாள். கடைக்காரர் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்து அவள் கண் முன்னாலேயே கத்தியால் பிளந்தார். அவள் கொண்டுபோன பழுப்பு ஃபில்டரையும் பிளந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே சுற்று, ஒரே இறுக்கம்.

"சரக்கு அதேதான்மா. அது பிடிக்க வேண்டியதைப் பிடிச்சிருக்கு. இவ்வளவு எங்கேர்ந்து வந்துச்சுன்னு போய்ப் பாரு."

காது சூடேற அவள் இறங்கி வந்தாள். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

அதே வாரம் அதே குடியிருப்பிலிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. எல்லா வீட்டிலும் அதே பழுப்பு, அதே வழவழப்பு. புது ஃபில்டர் போட்டுவிட்டு வந்த வீட்டிலும் சீக்கிரமே மறுபடி அடைத்துக்கொண்டது. மேல்மாடியில் ஒருவர் கதவைத் திறக்கும்போதே தயாராக நின்றார்.

"நல்ல தொழில்மா. அடைக்கிற மாதிரி ஒண்ணை மாட்டிட்டுப் போறது, அப்புறம் மாத்தறேன்னு வந்து நிக்கிறது. நாங்க என்ன முட்டாளா?"

எந்த வேலையை எந்தக் காரணத்துக்காக உதறிவிட்டு வந்தாளோ, அதே பழி இப்போது அவள் மேல். அவள் படியேறி மொட்டைமாடிக்குப் போனாள். தொட்டி மூடியில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது.

குடியிருப்பில் தண்ணீர் மோட்டார் போடுகிறவர் பின்னாலேயே வந்தார். "அது உங்க தம்பி போட்ட பூட்டும்மா. யாராவது திறந்து அழுக்காக்கிடுவாங்கன்னு சொல்லி சாவியை அவரே கொண்டுபோயிட்டாரு."

அவள் கைபேசியில் அந்த வெள்ளைப் படத்தை எடுத்துக் காட்டினாள். "உள்ள டைல்ஸ் ஒட்டியிருக்காங்க போலிருக்கே, எப்ப ஒட்டினாங்க?"

அவர் சிரித்துவிட்டார். "டைல்ஸா? எந்த வீட்டு டேங்க்கும்மா இது? இங்க வெறும் சிமெண்ட்தான்."

வேறு எங்கோ எடுத்த படம். அவள் வேகமாகப் படியிறங்கினாள்.

நேராகத் தங்கள் கடைக்குப் போனாள். ஐஸ் யாரிடமோ தொலைபேசியில் குழைந்துகொண்டிருந்தான். அவனுடைய மனைவி அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து இரும்புக் கதவைப் பாதிக்கு இறக்கினாள். தெருவுக்குக் கேட்க வேண்டாம் என்று.

"சாவியை எடு."

"எந்தச் சாவிக்கா?"

"அந்த டேங்க்கை நீ கழுவல."

அவன் ஐஸ் வைக்கப் பார்த்தான். முதலில் சிரித்தான், பிறகு "உட்காருக்கா, தண்ணி குடி" என்றான். அது அன்றைக்கு அவன் சொல்லியிருக்கவே கூடாத வார்த்தை.

"எந்தத் தண்ணிடா? நீ கழுவின தண்ணியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஒரே காலையில் எல்லாத் தொட்டிகளையும் முடித்துத் தருவதாகச் செயலாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அன்று கூலியாட்கள் வரவில்லை. குடியிருப்பில் எல்லாரும் குழாயைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்த தொட்டியை மட்டும் அரைகுறையாக இறைத்துக் கழுவினான். மேலே தொட்டிகளில் இருந்த நீரிலேயே பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கொட்டி, கம்பால் கலக்கிவிட்டு மூடினான்.

"கிருமி செத்துருக்கும்க்கா. அது நிச்சயம்."

"கலக்கிவிட்டியா? அடியில வண்டல் அது பாட்டுக்குக் கிடந்துச்சு. சுவத்துல பாசி ஒட்டிக்கிட்டுக் கிடந்துச்சு. நீ பவுடரைக் கொட்டி எல்லாத்தையும் உரிச்சு, கலக்கி, குழாய் வழியா வீட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்க. கழுவாம விட்டிருந்தாக்கூடப் பரவாயில்லடா!"

"ஒரே ஒரு தடவைதான்க்கா..."

"பொய் சொல்லாதீங்க" என்றாள் அவனுடைய மனைவி. "அண்ணி, இன்னும் சில வீடு இருக்கு. அந்த டைல்ஸ் போட்டோவை எத்தனை பேருக்கு அனுப்பச் சொன்னாருன்னு எனக்குத் தெரியும். நானும் அனுப்பினேன். என்ன ஏதுன்னு கேக்கல."

கொதிதண்ணி அன்று கத்திய கத்தலைப் பாதி இறக்கிய கதவு நிறுத்தவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் கேட்டார்கள்.

கத்தி ஓய்ந்த பிறகு ஐஸ் ஒரு வழி சொன்னான். யாருக்கும் தெரிய வேண்டாம். இலவசமாக இன்னொரு தரம் கழுவித் தருகிறோம் என்று அறிவித்துவிட்டு, இந்த முறை ஒழுங்காகச் செய்துவிடலாம். பேரும் கெடாது, தொட்டியும் சுத்தமாகும். வீட்டுக்குப் போனதும் பேருந்து ஓட்டுநரான அவளுடைய கணவரும் அதையேதான் சொன்னார். "தப்பு நடந்துபோச்சு. சரி பண்ணிட்டாப் போதாதா? ஊரைக் கூட்டணுமா?" அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. சொந்தத் தம்பி. சொந்தப் பேர். சரி, சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்ற முடிவோடுதான் மறுநாள் அந்தக் குடியிருப்புக்குப் போனாள்.

தையற்காரம்மாவின் வீட்டில் மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் பால் புட்டியோடு நின்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"அக்கா, இந்தத் தண்ணியில குழந்தைக்குப் பால்மாவு கரைக்கலாம்ல?"

'கரைக்கலாம்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவள் வாயைத் திறந்தாள். பொய் சொல்லத் தெரியாத வாய் அது; பழக்கப்படுத்தவும் இனி காலமில்லை.

"வேண்டாம்" என்றாள். "வெளியிலேர்ந்து கேன் தண்ணி வாங்கிக் கொதிக்க வச்சுக் கரைங்க. மேல டேங்க் கழுவல. கழுவினதா நாங்க சொன்னது பொய்."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் தையற்காரம்மா அவளைப் பார்த்த பார்வை அவளுக்கு நெடுநாள் மறக்கவில்லை.

சாயங்காலத்துக்குள் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. யார் யாரோ பேசினார்கள். போலீசுக்குப் போக வேண்டும் என்றார் ஒருவர். தன் வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு வந்ததே என்றார் இன்னொருவர். செயலாளர் நாற்காலியிலிருந்து எழுந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "உங்களை நம்பித்தானேம்மா விட்டோம்" என்று கத்தினார். அவளும் கத்தினாள். தன் தம்பியைத் திட்டினாள், தன்னைத் திட்டினாள், ஒரே காலையில் எல்லாம் முடிய வேண்டும் என்று நெருக்கியதற்காக அவர்களையும் திட்டினாள். அது நியாயமா என்று யோசிக்கும் நிலையில் அவள் இல்லை.

"நான் மேல ஏறிப் பாக்கல" என்றார் செயலாளர் கடைசியில். "படத்தைப் பாத்தேன், விட்டுட்டேன். அது என் தப்பு. ஆனா உங்க தப்பு அதுல கரையாது."

"கரையாது" என்றாள் அவள். "நாளைக்குக் காலையில மூடியைத் திறக்கறோம். யாருக்கு முடியுதோ மேல வாங்க. கண்ணால பாருங்க."

மறுநாள் காலை அத்தனை பேரும் மாடியேறினார்கள். செயலாளரை இருவர் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு வந்தார்கள். ஐஸ் சாவியோடு வந்திருந்தான். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மூடி திறந்தது. மோட்டார்காரர் டார்ச் அடித்தார். சுவரில் பாதி உரிந்தும் பாதி ஒட்டியும் பாசி தொங்கியது. நீர்மட்டத்தின் கோடு பழுப்புப் பட்டையாகச் சுற்றி வந்தது. நீர் வடிய வடிய அடியில் சேறு தெரிந்தது. அதில் ஒரு இறகு, ஒரு பிளாஸ்டிக் மூடி, அடையாளம் தெரியாத ஏதோ ஒன்று. மூக்கில் பிளீச்சிங் வாடையும் அழுகல் வாடையும் சேர்ந்து ஏறியது. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.

"இறங்கு" என்றாள் அக்கா.

"எல்லாரும் பாத்துக்கிட்டிருக்காங்கக்கா."

"பாக்கட்டும். நானும் இறங்கறேன்."

மோட்டாரை நிறுத்தி, உள்ளே வரும் குழாயையும் வீடுகளுக்குப் போகும் குழாயையும் அடைத்து, மீதி நீரை அடியில் உள்ள வடிகுழாய் வழியாக வெளியேற்றினார்கள். இரண்டு பக்க மூடிகளையும் திறந்துவைத்து, காற்று ஊதும் விசிறியைத் தொட்டியின் வாயில் பொருத்தி, வாடை போகும்வரை காத்திருந்தார்கள். தொட்டி வாயருகே ஒருவர் விடாமல் நிற்க வேண்டும். உள்ளே இருப்பவருக்குத் தலைசுற்றினால் இழுத்துத் தூக்க வேண்டும். தம்பி மனைவி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். அக்காவும் தம்பியும் ரப்பர் பூட்ஸ் போட்டு, நெற்றியில் பேட்டரி விளக்கு கட்டி உள்ளே இறங்கினார்கள்.

கொஞ்ச நேரம் பிரஷ் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சண்டை தொடங்கியது.

சிமெண்ட் தொட்டிக்குள் பேசினால் ஒரு வார்த்தை நாலு வார்த்தையாகத் திரும்பி வரும். உள்ளே இருந்த இருவருக்கும் அது உறைக்கவில்லை. மேலே நின்றவர்களுக்கு ஒலிபெருக்கி வைத்ததுபோல் கேட்டது.

"மூலையில தேய்டா! மூலைக்கு உன் பிரஷ் போகாதா? வாய் மட்டும் எல்லா மூலைக்கும் போகுதே!"

"தேய்க்கறேன்ல!"

"அன்னைக்குத் தேய்ச்சிருந்தா இன்னைக்கு இந்தக் கூத்து இல்ல!"

"அன்னைக்கு ஏன் ஒரே காலையில ஒத்துக்கிட்டேன்னு கேட்டியா? ஒரு தடவையாவது கேட்டியா?" அவன் குரல் உடைந்து எழும்பியது. யாரும் அவனிடம் கேட்டறியாத குரல் அது. "நீ அந்தச் செயலாளரைப் பாத்து அழுக்கையே குடிங்கன்னு சொல்லிட்டு எழுந்து போயிட்ட. நான் பின்னாடி போயி அவர் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டினேன். உனக்காக! எல்லா வீட்டுலயும் இதே கதைதான். நீ கொதிச்சுட்டுப் போவ. நான் போயி ஊதி ஊதி ஆத்தணும். உனக்கு நேர்மையானவள்னு பேரு, எனக்கு ஐஸ்னு பேரு. உன் கோவத்துக்கு யாரு வேலை செய்யறதுன்னு நீ யோசிச்சிருக்கியா?"

மேலே செயலாளர் வானத்தைப் பார்த்தார். யாரோ இருமினார்கள்.

உள்ளே ஏதோ ஒன்று சுவரில் மோதும் சத்தம். அவள் பிரஷ்ஷை வீசியிருந்தாள். அவன் மேல் அல்ல, சுவரில்தான்.

"சரி. நான் கொதிச்சது தப்பு. அதுக்காக யார் வீட்டுக் குழந்தையோ பாசித் தண்ணியைக் குடிக்கணுமா? என் மேல கோவம்னா என் மேல காட்டு. என் மூஞ்சியில துப்பு. நீ அந்தக் குழந்தை டம்ளர்ல துப்பியிருக்கடா!"

தொட்டிக்குள் அந்த வாக்கியம் மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. பிறகு பிரஷ் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை இரண்டு பிரஷ்களும்.

சேற்றைப் பம்பு வைத்து இறைத்தார்கள். மீதியை வழித்து வாளியில் தூக்கினார்கள். மோட்டார்காரரும், யாரும் கேட்காமலே முன்வந்த குடியிருப்பு ஆட்கள் சிலரும் வாங்கி வெளியே கொட்டினார்கள். சுவரை அழுத்த நீரால் பீய்ச்சினார்கள். குளோரின் கரைசலை அளந்து தெளித்து, ஊறவிட்டு, அதையும் கழுவி வெளியேற்றினார்கள். வழிந்தோடும் குழாய்க்கு வலை கட்டினார்கள். அந்தத் தொட்டி முடிய அன்று பொழுது சாய்ந்தது. அடுத்தடுத்த நாட்களில் மற்ற கட்டடங்களையும், கடைசியில் கீழ்த்தொட்டியையும் அதே மாதிரி செய்தார்கள். பிறகு எல்லா வீட்டுக் குழாய்களையும் திறந்துவிட்டு, உள்ளே தங்கியிருந்த பழுப்பெல்லாம் ஓடித் தெளிந்த பிறகுதான் அவள் வீடு வீடாகப் போய் ஃபில்டர் மாற்றினாள். எந்த வீட்டிலும் திட்டவில்லை. திட்டு வாங்கிக்கொண்டாள். சில வீடுகளில் இயந்திரத்தைத் தொடவே விடவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று கதவைச் சாத்தினார்கள்.

வேலை முடிந்ததும் செயலாளர் கீழே நின்று சொன்னார். "நல்லா செஞ்சீங்க. ஆனா இனி உங்களைக் கூப்பிட மாட்டோம்."

அவள் தலையாட்டினாள். கொதிக்க ஒன்றுமில்லை.

டைல்ஸ் படம் போன மற்ற வீடுகளுக்கும் போனாள். தம்பியையும் கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் நின்று, "உங்க டேங்க்கை நாங்க ஒழுங்கா கழுவல, திறந்து காட்டறோம், திரும்பக் கழுவறோம்" என்று அவனைச் சொல்ல வைத்தாள். ஒவ்வொரு வாசலிலும் அவன் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசி வீடு முடிந்த அன்று, கடைச் சாவியை மேசையில் வைத்துவிட்டு அவன் கிளம்பிவிட்டான். தனியாகத் தொட்டி வேலை எடுத்துச் செய்வதாகக் கேள்வி. அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டான். அவளும் நிறுத்திக்கொண்டாள். இருவரில் யாருக்கு யார் மேல் கோபம் அதிகம் என்று அவளுடைய கணவர் கேட்டுப் பார்த்தார். அன்று அவருக்கும் சேர்த்துத் திட்டு விழுந்தது.

ஆனால் தம்பி மனைவி போகவில்லை. "வீட்டுல அவர் கூட இருக்கேன். வேலையில உங்க கூட இருக்கேன் அண்ணி" என்றாள். தொலைபேசியை விட்டுவிட்டுத் தொட்டிக்குள் இறங்கக் கற்றுக்கொண்டாள். பெண்கள் மட்டும் இருக்கும் சில வீடுகளில் அது வசதியாகவும் போயிற்று. இரண்டு பெண்களும் சேர்ந்து முறையை மாற்றினார்கள். இனி படம் கிடையாது. மூடியைத் திறக்கும்போது வீட்டுக்காரர் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். மூடும்போதும் இருக்க வேண்டும். பூட்டு போட்டால் சாவி அவர்களுடையது. மேலேறி வர முடியாத வயதானவர்களுக்கு, கழுவிய தொட்டியில் ஏற்றிய முதல் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் பிடித்துக் கீழே கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒரு நாளில் முடியாத வேலையை ஒரு நாளில் முடியும் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. வேலை குறைந்தது. பிறகு மெதுவாகக் கூடியது. பழைய வேகத்துக்கு வரவே இல்லை.

கொதிப்பு மட்டும் குறையவில்லை. போன மாதம்கூட ஒரு தனி வீட்டில், தொட்டிக்குள் இருந்த தம்பி மனைவியிடம் கயிற்றைப் பிடித்தபடி கத்திக்கொண்டிருந்தாள். "விசிறியை ஏன் திருப்பி வச்ச? மயக்கம் போட்டு விழணுமா? உன் புருஷனுக்கு நான் என்ன பதில் சொல்றது?" "நீங்கதான் அவர்கிட்டப் பேசறதே இல்லையே அண்ணி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார்.

சில நாட்களுக்கு முன் குழாய்ச் சாமான் கடையில் அக்காவும் தம்பியும் எதிர்ப்பட்டுவிட்டார்கள். நகர்ந்துபோக இடமில்லாத குறுகலான கடை. ஐஸ் இளைத்திருந்தான். உள்ளங்கையில் காப்பு காய்த்திருந்தது. தானே இறங்கித் தேய்க்கிறான் என்று தெரிந்தது. வெகுநேரம் வால்வுகளைப் புரட்டிப் பார்ப்பதுபோல் நின்றுவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அந்த நீலக் கைப்பிடி பிரஷ் புதுசா வந்திருக்கு. மூலைக்கு நல்லாப் போகுது."

அவள் காதில் விழாததுபோல் நின்றாள். கடைக்காரரிடம் சிவப்புக் கைப்பிடி பிரஷ்ஷைக் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டியை ஒரே உதையில் கிளப்பினாள்.